சுருண்ட மிளகாய் இலை: சிலந்தியா, வைரஸா?



போன கார்த்திகை மாதம் நம்ம கூட்டமைப்புக் கூட்டத்துக்கு இரண்டு உறுப்பினர்கள் மிளகாய்ச் செடியின் குருத்தை ஒடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலை ஒட்டிய ஊர்க்கார அக்கா. இன்னொருவர் ராஜபாளையம் பக்கம் சேத்தூரை ஒட்டிய ஊரிலிருந்து வந்த தங்கச்சி. இரண்டு பேரும் சொன்ன வார்த்தை ஒன்றுதான். "இலை எல்லாம் சுருண்டு முடங்கிப் போச்சு மேடம், செடி வளரவே மாட்டேங்குது." இரண்டு பேரும் மருந்துக் கடையில் கேட்டு அடித்ததும் ஒரே மருந்துதான். அக்கா நான்கு தடவை அடித்திருந்தார், தங்கச்சி மூன்று தடவை. இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

சேமிப்புக் கணக்கு எழுதி முடித்த பிறகு, பாயில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, இரண்டு குருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் வேறு வேறு! கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததும் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. அக்காவின் குருத்தில் இலை ஓரங்கள் கீழ்ப்பக்கமாக மடங்கி, கவிழ்த்து வைத்த படகு மாதிரி இருந்தது. தங்கச்சியின் குருத்தில் ஓரங்கள் மேல்பக்கமாக மடங்கி, மழைத் தண்ணீரைப் பிடிக்கிற கிண்ணம் மாதிரி இருந்தது. முதலாவது சிலந்தி செய்த வேலை. இரண்டாவது வைரஸ் நோய். ஒன்றுக்கு மருந்து உண்டு, ஆனால் அடித்தது அந்த மருந்து இல்லை. இன்னொன்றுக்கு எந்தக் கடையிலும் மருந்தே கிடையாது. இரண்டு பேரும் குழுக்கடன் எடுத்துத்தான் மிளகாய் போட்டவர்கள். அந்தக் கடன் பணத்தில் ஒரு பகுதி வீணான மருந்துக்குப் போய்விட்டது.

அன்றைக்குப் பேசியதையும், அதன் பிறகு இரண்டு பேர் தோட்டத்துக்கும் போய்ப் பார்த்ததையும் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முதலில் சிலந்தியைப் பற்றி. வீட்டு மூலையில் வலை பின்னுகிற சிலந்தி இல்லை இது. மஞ்சள் முரணைச் சிலந்தி என்று தோட்டக்கலைத் துறையில் சொல்வார்கள். ஒரு கடுகின் குறுக்கே ஐந்தாறு சிலந்தியை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெளிறிய மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போல இருக்கும். இது வலை பின்னாது. இலையின் அடிப்பக்கத்தில், அதுவும் இளம் குருத்தில்தான் இருக்கும். முட்டையில் இருந்து பெரிதாகி, அது திரும்ப முட்டை போடுவதற்கு வெயில் காலத்தில் ஒரு வாரம் கூட ஆகாது. அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்த தோட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடங்கிக் கிடக்கிறது.

சிலந்தி சாறு உறிஞ்சும்போது அதன் எச்சிலில் இருக்கும் நஞ்சு குருத்துக்குள் போகிறது. அந்த நஞ்சுதான் இலையைக் கீழே மடக்குகிறது. இலை குறுகிப் போகும், தடித்துப் போகும், கையால் மடக்கினால் மொடமொடவென்று உடையும். நிறம் வெளுக்காது, கரும்பச்சையாகத்தான் இருக்கும். இலைக் காம்பு மட்டும் இலைக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமாகிவிடும். அடிப்பக்கம் எண்ணெய் தடவினது போல மினுமினுப்பாகவோ, பித்தளை நிறமாகவோ இருக்கும். மொட்டு கொட்டும். பிடித்த காயில் தோல் சொரசொரப்பாகி, வத்தல் போட்டால் விலை குறைத்துக் கேட்பார்கள்.

அடுத்தது வைரஸ். இதை இலைச் சுருட்டை வைரஸ் என்கிறார்கள். இதைச் செடிக்குச் செடி கொண்டு போவது வெள்ளை ஈ. பருத்தி போட்டவர்களுக்கு இந்த ஈயை நன்றாகத் தெரியும். செடியை உலுக்கினால் மாவுத் தூள் பறப்பது போல வெள்ளையாகப் பறக்குமே, அதேதான். நோய் உள்ள செடியில் உறிஞ்சிய ஈயின் உடம்புக்குள் வைரஸ் போய்த் தங்கிவிடும். பிறகு அது நல்ல செடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உறிஞ்சினாலே போதும், நோய் ஒட்டிவிடும். செடியில் அறிகுறி தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சுருளுகிற செடிக்கு நோய் வந்தது இன்றைக்கு இல்லை.

வைரஸ் வந்த செடியில் இலை மேல்பக்கமாகச் சுருளும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் நரம்புகள் தடித்துப் புடைத்திருக்கும். நரம்புக்கு நடுவில் இருக்கும் பகுதி கொப்புளம் கொப்புளமாக எழும்பி, துவைத்துப் பிழிந்து காயப்போட்ட சேலை மாதிரி சுருக்கமாக இருக்கும். ஓரத்திலும் நரம்பு இடையிலும் மஞ்சள் பாயும். கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, சின்னச் சின்ன இலைகளாகக் கொத்தாக, குட்டையாகப் புதர் போல நிற்கும். பூ கொஞ்சம்தான் எடுக்கும், காய் இன்னும் கொஞ்சம்.

"அப்போ கீழே மடங்கினா சிலந்தி, மேலே மடங்கினா வைரஸ். அவ்வளவுதானே?" என்று நம்ம கூட்டமைப்புச் செயலாளர் கேட்டார். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறோம். மேல்பக்கமாகச் சுருட்டுகிற இன்னொரு ஆள் இருக்கிறது. அது இலைப்பேன். இலைப்பேன் தாக்கினாலும் இலை ஓரம் மேல்பக்கமாகத்தான் மடங்கும். அதைப் பார்த்துவிட்டு "வைரஸ் வந்திருச்சு" என்று நல்ல செடியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு.

இலைப்பேனைக் கண்டுபிடிக்க லென்ஸ் கூட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைக் குருத்துக்கு அடியில் பிடித்து, குருத்தை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். வைக்கோல் துணுக்கு மாதிரி மெலிசாக, நீளமாக ஒன்று விழுந்து, விழுந்த உடனே நகர ஆரம்பிக்கும். அதுதான் இலைப்பேன். இலையின் அடிப்பக்கத்தில் அது சுரண்டிய இடம் வெள்ளி பூசினது போலத் தெரிந்து, பிறகு பழுப்பாகும். நரம்பு தடித்திருக்காது. மேலே சுருண்டு, நரம்பும் தடித்து, மஞ்சளும் பாய்ந்து, தாளில் தட்டினால் ஒன்றும் விழவில்லை என்றால்தான் வைரஸ் என்று சந்தேகப்பட வேண்டும்.

2021, 2022-இல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய் விவசாயிகளை அழ வைத்ததும் ஒருவகை இலைப்பேன்தான். வெளிநாட்டில் இருந்து வந்த புதுவகை, கருப்பாக இருக்கும், இலையை விடப் பூவுக்குள்தான் அதிகம் கூடும். அதனால் பூவையும் ஒரு தடவை தாளில் தட்டிப் பார்ப்பது நல்லது. கர்நாடகாவில் மிளகாய் இலை முடங்குவதற்கு 'முர்டா' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குள் இலைப்பேனும் உண்டு, சிலந்தியும் உண்டு. நாமும் 'சுருட்டை' என்று ஒரே பெயரைத்தான் எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். கடையில் போய் "சுருட்டைக்கு மருந்து குடுங்க" என்று கேட்டால், அவர் தான் கொடுப்பதைக் கொடுப்பார். குறை அவரிடம் மட்டும் இல்லை.

இனி அக்காவின் தோட்டத்துக்கு வருவோம். அரை ஏக்கர் கிணற்றுப் பாசனம், சம்பா மிளகாய், புரட்டாசியில் நட்டது. நான் போனபோது நாற்று நட்டு ஐம்பது நாள் ஆகியிருந்தது. அக்கா நேராக ரொம்ப மோசமாகச் சுருண்ட செடியிடம் என்னைக் கூட்டிப் போய், நன்றாக முடங்கிய இலை ஒன்றைப் பறித்துக் கொடுத்தார். "லென்ஸ் வெச்சுப் பாருங்கம்மா." பார்த்தேன், ஒன்றுமே இல்லை. இது எல்லோரும் செய்கிற தவறு. நன்றாக முடங்கிய இலையில் சிலந்தி இருக்காது. அந்த இலையைக் கெடுத்துவிட்டு, அது அடுத்த இளம் குருத்துக்குப் போயிருக்கும். ஆண் சிலந்தி, இன்னும் முழுதாக வளராத பெண் சிலந்தியைப் பின்பக்கத்தில் தூக்கிக்கொண்டு புதுக் குருத்தைத் தேடி நடக்கும்! அதனால் பார்க்க வேண்டியது, பார்வைக்கு ஓரளவு நன்றாக இருக்கிற, இப்போதுதான் விரிகிற இலையை. நுனியில் இருந்து இரண்டாவது, மூன்றாவது இலை.

அந்த இலையைத் திருப்பி, நடு நரம்பை ஒட்டி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். முதலில் முட்டைதான் கண்ணில் பட்டது. நீள்வட்டமாக, மேலே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதித்தது போல இருந்தது. இந்த முட்டையைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம், முரணைச் சிலந்திதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தபோது இரண்டு மூன்று நகர்ந்ததும் தெரிந்தது. அக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஏ தாயி, இம்புட்டுக்காணும் இருந்துக்கிட்டா இந்தப் பாடு படுத்துது!" என்றார். இந்த லென்ஸ் பெரிய விலை இல்லை, ஒரு குழுவுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். லென்ஸ் மேல் செல்போன் கேமராவை வைத்துப் படம் எடுத்தால் வயதானவர்களும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தோட்டம் முழுக்க நடந்தபோது இன்னொரு அடையாளமும் கிடைத்தது. வாய்க்கால் ஓரம் ஒரு இடத்தில் வட்டமாக, பத்துப் பதினைந்து செடி சேர்ந்தாற்போல் முடங்கியிருந்தது. அங்கிருந்து வரிசை வழியாகப் பரவியிருந்தது. சிலந்திக்குச் சிறகு கிடையாது. செடியோடு செடி உரசினால் போகும், காற்றில் போகும், களை எடுக்கிறவர்களின் கையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு போகும். அதனால் திட்டுத் திட்டாகத்தான் வரும். வைரஸ் அப்படி இல்லை. ஈ பறந்து உட்கார்ந்த இடமெல்லாம் வரும். இங்கே ஒரு செடி, பத்தடி தள்ளி ஒரு செடி, நடுவில் எல்லாம் நல்ல செடி என்று சிதறிக் கிடக்கும். வைரஸ் செடியைத் தொட்டுவிட்டு நல்ல செடியைத் தொட்டால் இந்த நோய் ஒட்டாது. ஆனால் சிலந்தி ஒட்டும். களை எடுக்கும்போது முடங்கிய திட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

நான்கு தடவை மருந்து அடித்தும் ஏன் கேட்கவில்லை? அக்கா அடித்தது சைபர்மெத்ரின் கலந்த பூச்சிமருந்து. அது புழுவுக்கும் பூச்சிக்கும் உள்ளது. சிலந்தி பூச்சி இனம் கிடையாது, அதற்கு எட்டுக் கால். இந்த வகை மருந்து சிலந்தியைப் பிடித்துத் தின்கிற நல்ல சிலந்திகளையும், பொறிவண்டு போன்ற பூச்சிகளையும் கொன்றுவிடும், முரணைச் சிலந்தியைச் சரியாகக் கொல்லாது. எதிரி இல்லாத இடத்தில் அது இன்னும் வேகமாகப் பெருகும். மருந்து அடிக்க அடிக்கக் கூடிக்கொண்டே போனது என்று அக்கா சொன்னது அவருடைய பிரமை இல்லை, நிஜம்.

சிலந்திக்கென்று எளிதாகக் கிடைப்பது நனையும் கந்தகம். 80 சதவீதம் என்று பையில் போட்டிருக்கும் தூளில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம். பத்து லிட்டர் டேங்குக்கு 30 கிராம். அரை ஏக்கருக்குப் பத்து டேங்க் பிடிக்கும், ஆக 300 கிராம். அக்காவுக்குக் கூட நின்று அளந்து கொடுத்தேன். தூளை நேரே டேங்கில் கொட்டக் கூடாது. சின்ன வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பு போலக் கரைத்து, பிறகு ஊற்ற வேண்டும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம், இரண்டும் சேர்ந்தாலும் கருகும். சித்திரை, வைகாசி வெக்கையில் கந்தகத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியம், எங்கே அடிக்கிறோம் என்பது. அக்காவின் வீட்டுக்காரர் செடிக்கு மேலே நின்று கீழ்நோக்கித்தான் அடித்துக்கொண்டிருந்தார். சிலந்தி இலைக்கு அடியில் குடை பிடித்தது போல உட்கார்ந்திருக்கிறது. மேலே எவ்வளவு ஊற்றினாலும் அதன் மேல் படாது. தெளிப்பான் முனையைத் திருப்பி, செடியின் அடியில் விட்டு மேல்நோக்கி அடிக்க வேண்டும். குருத்து நனைந்து சொட்டுகிற அளவு. முட்டை அவ்வளவு எளிதில் சாகாது, பொரிந்து வரும். அதனால் ஏழு முதல் பத்து நாளில் இரண்டாவது தடவை கட்டாயம் அடிக்க வேண்டும். முதல் தடவையோடு நிறுத்தினால் மறு வாரம் பழைய கதைதான்.

ரொம்ப அதிகமாகிவிட்ட தோட்டத்துக்கு புரோபர்கைட், பென்சாகுயின், ஸ்பைரோமெசிபென் என்று சிலந்திக்கொல்லிகள் இருக்கின்றன. கடையில் "சுருட்டை மருந்து" என்று கேட்காமல் "சிலந்திக்கொல்லி" என்று கேளுங்கள். டப்பாவோடு வரும் தாளில் மிளகாய் என்று போட்டிருக்கிறதா, அளவு என்ன, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று பிள்ளைகளை விட்டாவது படித்துப் பாருங்கள். ஒரே மருந்தைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். முன்பெல்லாம் சிலந்தி என்றால் டைகோபால்தான் அடிப்போம். அதை 2023-இல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. பழைய டப்பா பரணில் கிடந்தால் அதை எடுத்து அடிக்க வேண்டாம். மருந்து கலக்கும் வேலை பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. கையுறை போட்டு, மூக்கு வாயைத் துணியால் கட்டிக் கலக்குங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

லென்ஸ் இல்லாதவர்களுக்கும், பார்த்தும் சந்தேகம் தீராதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சுருண்ட செடிகளில் ஐந்து செடிக்கு பழைய சேலைக் கிழிசலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அந்த ஐந்துக்கும் சிலந்தி மருந்தை அடிப்பக்கம் நனைய இரண்டு தடவை அடித்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பழைய இலையைப் பார்க்காதீர்கள். சுருண்ட இலை எந்த மருந்துக்கும் நிமிராது, அது அப்படியேதான் இருக்கும். இது தெரியாமல் "மருந்து கேக்கல" என்று வேறு மருந்து வாங்க ஓடுகிறோம். பார்க்க வேண்டியது அதன் பிறகு வந்த புதுக் குருத்தை. புதுக் குருத்து விரிந்து நேராக வந்தால் அது சிலந்திதான், நோய் இல்லை. புதுக் குருத்தும் சுருண்டு, மஞ்சள் பாய்ந்து வந்தால் வைரஸ். சில செடியில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். முரணைச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு ஓசி சவாரி போகும் பழக்கம் உள்ளது. ஈ வந்த இடத்துக்கு அதுவும் வந்துவிடும். அப்படிப்பட்ட செடியில் கொஞ்சம் நேராகி, ஆனால் முழுதாகத் தேறாமல் நிற்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் கரும்போ சோளமோ இருந்து, அங்கே 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்திருந்தால், காற்றில் வந்த சாரல் பட்டும் மிளகாய் இலை முறுக்கிக்கொள்ளும். இலை நாடா மாதிரி ஒடுங்கும், தண்டே வளைந்து முறுக்கும். அது அந்தப் பக்கத்து வரப்பு ஓரத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். இதற்கு எந்த மருந்தும் வேண்டாம், பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேச வேண்டியதுதான். அடுத்தவர் களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இரவல் வாங்கி மிளகாய்க்கு அடித்தாலும் இதே கதிதான்.

தங்கச்சியின் தோட்டம் 25 சென்ட். சுமார் 3,700 செடி இருக்கும். நட்டு 40 நாள், அப்போதுதான் பூ எட்டிப் பார்க்கிறது. பக்கத்து வயலில் பழைய தக்காளி, காய் ஓய்ந்து பிடுங்காமல் நின்றது. அதிலும் இலை சுருண்டிருந்தது. தக்காளியை உலுக்கினால் வெள்ளை ஈ மேகம் மாதிரி எழும்பியது. நாற்றங்காலையும் தங்கச்சி அந்தத் தக்காளி ஓரத்திலேயே போட்டிருக்கிறாள். நோய் வந்தது நாற்றிலேயே இருக்கலாம், நட்ட உடனேயும் இருக்கலாம்.

எத்தனை செடி கெட்டிருக்கிறது என்று எண்ணாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. தோட்டத்தின் நான்கு மூலை, நடு என்று ஐந்து இடத்தில், இடத்துக்கு இருபது செடி வீதம் நூறு செடி எண்ணினோம். ஏழில் நோய் இருந்தது. அப்படியானால் தோட்டம் முழுக்க 260 செடி போல. "புடுங்கிறலாம்" என்று நான் சொன்னதும் தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "பூ எடுத்திருக்கே மேடம், கொஞ்சமாவது காய்க்காதா?" என்றாள். பூ எடுப்பதற்கு முன்பே நோய் வந்த செடி காய்த்துக் கொடுப்பது ஒரு பிடி கூட இருக்காது. ஆனால் அது நிற்கிற வரைக்கும் வெள்ளை ஈக்கு அதுதான் நோய்க் கிடங்கு. நூற்றுக்கு ஏழு என்பதால் பிடுங்கச் சொன்னேன். நூற்றுக்கு நாற்பது என்று இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அப்போது பிடுங்கினாலும் மிச்சத்தைக் காப்பாற்ற முடியாது. மேற்கொண்டு மருந்துக்குக் கடன் வாங்காமல், வருகிறதைப் பறித்துக்கொண்டு, அடுத்த பட்டத்துக்கு வேறு பயிர் பார்க்கலாம். காய் பிடித்து முற்றிய பிறகு சுருளுகிற செடியையும் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டியதில்லை.

பிடுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. பகலில் செடியை உலுக்கிப் பிடுங்கினால், அதில் இருக்கிற ஈ எல்லாம் பறந்து போய் நல்ல செடியில் உட்காரும். நாமே நோயைப் பரப்பினது போல. அதனால் முதல் நாள் சாயங்காலம் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்து, மறுநாள் விடிகாலை, ஈ மந்தமாக இருக்கிற நேரத்தில், உரச்சாக்கைச் செடி மேல் மெதுவாகக் கவிழ்த்து, சாக்கோடு சேர்த்துப் பிடுங்கினோம். வரப்பில் போடாமல் குழி தோண்டிப் புதைத்தோம். இரண்டு விடிகாலை, தங்கச்சி குழுவில் நான்கு பேர் வந்து முறை வைத்துச் செய்தார்கள். பக்கத்து வயல்காரரிடம் பேசி அந்த ஓய்ந்த தக்காளியையும் எடுக்க வைத்தோம். அவர் நல்ல மனுஷர், மறுக்கவில்லை. காலியான இடத்தில் மிளகாய் நாற்றைத் திரும்ப நடாமல் சின்ன வெங்காயம் ஊன்றச் சொன்னேன்.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு அளவு கேட்டார்கள். நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பு, பத்து லிட்டர் டேங்குக்கு அரை கிலோ. ஓடு நீக்கிய பருப்பை இடித்து, துணியில் மூட்டையாகக் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, காலையில் பால் போல வரும் வரை பிசைந்து பிழிந்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சேர்த்து அன்றைக்கே சாயங்காலம் அடிக்க வேண்டும். இது வெள்ளை ஈயைக் குறைக்கும். வைரஸைக் குணமாக்காது. மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்து வைக்கலாம். பழைய தகர டப்பாவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்துக்குக் குச்சியில் கவிழ்த்தாலும் போதும். அதுவும் ஈ எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் பெரிதும் உதவும்.

வைரஸைத் தடுக்க முடிகிற இடம் நாற்றங்கால்தான். நட்ட பிறகு செய்வதெல்லாம் பாதிக்குப் பாதி. ஓய்ந்த மிளகாய், தக்காளி பக்கத்தில் நாற்று போடாதீர்கள். விதைத்த நாளில் இருந்து நடுகிற நாள் வரை, முப்பத்தைந்து நாற்பது நாள், 40 கண் நைலான் வலையைக் கூடாரம் போலப் போட்டு, ஓரத்தை மண் போட்டு மூடி வையுங்கள். கொசு வலை போதுமா என்று கேட்கிறார்கள், அதன் கண் பெரிது, வெள்ளை ஈ நுழைந்துவிடும். ஒரு வலை வாங்கினால் குழுவில் மூன்று நான்கு பேர் ஒரே இடத்தில் நாற்று போட்டுக்கொள்ளலாம். நடுவதற்குப் பதினைந்து இருபது நாள் முன்பே தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக விதைத்துவிட்டால், பறந்து வருகிற ஈ முதலில் அதில் உட்காரும். நோய் வந்த செடியில் விதைக்காகப் பழம் எடுக்காதீர்கள்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, அருப்புக்கோட்டையில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551, இலவசம், தமிழில் பேசலாம். காட்டப் போகும்போது ஒற்றை இலையைக் கொண்டு போனால் அவர்களாலும் சொல்ல முடியாது. ஒரு சாண் நீளக் குருத்து, அதில் நல்ல இலையும் கெட்ட இலையும் சேர்ந்திருக்க வேண்டும். ஈரமில்லாத செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

அக்காவின் தோட்டத்தில் இரண்டாவது தடவை கந்தகம் அடித்து ஒன்பதாவது நாள் போய்ப் பார்த்தேன். அடியில் பழைய இலை முடங்கியபடியே இருந்தது. மேலே நான்கு விரல் நீளத்துக்குப் புதுக் குருத்து, அகலமான இலையோடு நேராக நின்றது. முதல் பறிப்பு போனது போனதுதான், மொட்டெல்லாம் முன்பே கொட்டிவிட்டது. தை மாதத்தில் இருந்து காய் பறித்தார். தங்கச்சி தோட்டத்தில் பிடுங்கிய பிறகும் மூன்று வாரத்துக்குள் இன்னும் முப்பது நாற்பது செடி சுருண்டது. அவை முன்பே ஈ கடித்த செடிகள். அவற்றையும் அதே மாதிரி சாக்குப் போட்டு எடுத்தாள். அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. இந்த வருடம் அவள் நாற்றுக்கு வலை வாங்குவதற்காகக் குழுவில் உள்கடன் கேட்டிருக்கிறாள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியாயிற்று.

— கள ஒருங்கிணைப்பாளர்